வேலைக்கான மின்னஞ்சலில் இமோஜி, ஆச்சரியக்குறி, நகைச்சுவை: எங்கே உதவும், எங்கே கெடுக்கும்?

பி.காம் முடித்து, சென்னையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த இளைஞர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் நம்மிடம் தன் கைபேசியை நீட்டினார். ஷார்ஜாவிலுள்ள ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து, அவர் ஆங்கிலத்தில் அனுப்பிய மின்னஞ்சல் அதில் இருந்தது. அதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

தலைப்பு: அவசரம்!!! வேலை வேண்டும் சார் 🙏🙏

"மதிப்பிற்குரிய சார்!!! நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன் 😊 நான் மிகவும் கடினமாக உழைப்பவன்!! பயோடேட்டா இணைத்துள்ளேன். தயவுசெய்து பார்த்து ஆவன செய்யவும் 🙏🙏🙏"

மூன்று வாரமாகியும் பதில் இல்லை. "மரியாதையாகத்தானே எழுதியிருக்கேன்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அந்த மடலில் திமிரோ அலட்சியமோ கிடையாது. பணிவைக் காட்ட நினைத்தவர், தவறான கருவியைக் கையில் எடுத்துவிட்டார்.

ஏன் அப்படி நேர்கிறது என்று யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். தமிழில் மரியாதை சொல்லின் கடைசியிலேயே இருக்கிறது. "வா" என்பதை "வாங்க" என்று மாற்றினால் போதும். ஆங்கிலத்தில் அந்த "ங்க" இல்லை. எழுதி முடித்த வாக்கியத்தைத் திரும்பப் படிக்கும்போது, யாரையோ அதட்டுவதுபோல நமக்கே தோன்றுகிறது. அந்தக் குறையை நிரப்ப, வாட்ஸ்அப்பில் பழகிய கைகூப்பும் படத்தையும் சிரிப்பு முகத்தையும் மூன்று ஆச்சரியக்குறிகளையும் சேர்த்துவிடுகிறோம். ஆனால் ஆங்கில அலுவலக மடலில் மரியாதை வேறு இடத்தில் இருக்கிறது. பெயரைச் சரியாக எழுதி விளிப்பதும், அவர் கேட்ட விவரத்தை முழுமையாகத் தருவதும், அவர் திரும்பக் கேட்டு எழுத வேண்டிய நிலையை வைக்காமல் இருப்பதுமே அங்கே "ங்க" போடுவது.

முதல் மடலில் ஏன் வேண்டாம்?

முதல் மடலைப் படிப்பவருக்கு நம் முகம் தெரியாது, குரலும் தெரியாது. அவர் பார்க்கும் ஒரே சான்று அந்த எழுத்துதான். நேரில் சிரித்தால் என்ன விளைவோ, எழுத்தில் சிரிப்பு முகம் போட்டாலும் அதே விளைவு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். 2017-ல் வெளியான ஓர் ஆய்வு இதையே சோதித்துப் பார்த்தது. முன்பின் தெரியாத ஒருவரின் அலுவலக மடலை, சிரிப்பு முகத்தோடும் அது இல்லாமலும் வெவ்வேறு நபர்களிடம் கொடுத்து, எழுதியவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். புகைப்படத்தில் சிரிக்கும் மனிதரை அன்பானவர் என்றும் திறமையானவர் என்றும் மதித்த மக்கள், மடலில் சிரிப்பு முகம் போட்டவரைக் கூடுதல் அன்பானவராக நினைக்கவில்லை. மாறாக, திறமை குறைந்தவராக மதித்தார்கள். அப்படிப்பட்ட மடலுக்கு எழுதிய பதிலில் அவர்கள் தந்த விவரமும் குறைவாகவே இருந்தது. ஆனால் சூழல் அலுவல் முறை சாராததாக இருந்தபோது இந்தப் பாதிப்பு காணப்படவில்லை. ஆக, சிரிப்பு முகம் கெட்டது என்பதல்ல விஷயம். அறிமுகமில்லாத இடத்தில், அலுவல் பேச்சில், அது நாம் நினைத்த வேலையைச் செய்வதில்லை.

கணக்கு வேலைக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஒரு பூஜ்ஜியம் தவறினாலும் கண்டுபிடிக்கும் ஆளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். "அவசரம்!!!" என்ற தலைப்பில் வேலையின் பெயர் இல்லை, அனுபவம் இல்லை. அவசரம் நமக்குத்தானே தவிர அவருக்கு இல்லை.

இதில் தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கில் :) என்று தட்டினால், சில பதிப்புகளில் அது தானாகவே சிரிப்பு முகமாக மாறும். அந்த முகம் விங்டிங்ஸ் என்ற எழுத்துருவில் உள்ள J என்ற எழுத்து. பெறுபவரின் மென்பொருள் அந்த எழுத்துருவைக் காட்டாவிட்டால், வாக்கியத்தின் முடிவில் தனியாக ஒரு J நிற்கும். படிப்பவர் அதைத் தட்டச்சுப் பிழை என்றே எடுத்துக்கொள்வார். இமோஜிகளும் இப்படித்தான். ஒரே குறி ஆப்பிள் கைபேசியில் ஒரு முகபாவத்திலும் வேறு கருவியில் வேறு முகபாவத்திலும் தெரியலாம். நாம் அனுப்பிய படத்தைத்தான் அவரும் பார்க்கிறார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்த இளைஞரோடு உட்கார்ந்து மடலைத் திருத்தினோம். தலைப்பு இப்படி மாறியது: "கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பம் – 2 ஆண்டு தணிக்கை அனுபவம்". உள்ளே நான்கே வாக்கியங்கள். எந்த விளம்பரத்தை எங்கே பார்த்தார் என்பது ஒன்று. சென்னையில் டாலி மென்பொருளில் ஜிஎஸ்டி கணக்குகளைத் தயாரித்த அனுபவமும், அமீரகத்தின் 5 சதவீத வாட் வரி விதிகளைப் படித்து வருவதும் அடுத்தது. வேலையிலிருந்து விடுபட 30 நாள் தேவைப்படும் என்பது மூன்றாவது. பயோடேட்டா இணைக்கப்பட்டிருக்கிறது, நேர்காணலுக்கு எந்த நாளும் வர இயலும், நன்றி என்பது நான்காவது. ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை. படித்துப் பார்த்தவர், "ரொம்ப வறட்டா இருக்கே" என்றார். எழுதும் நமக்குத்தான் அது வறட்சி. ஒரு நாளில் நூறு விண்ணப்பம் திறப்பவருக்கு அது நிழல்.

அதே நிறுவனத்தில் வேறொரு பணியிடத்துக்கு விளம்பரம் வந்தபோது இந்த மடலை அனுப்பினார். நான்காம் நாள் பதில் வந்தது.

அவர் நிற்கும் படிக்கு ஒரு படி கீழே

மனிதவளத் துறையின் பெண் அதிகாரி எழுதியிருந்தார்: "விண்ணப்பத்திற்கு நன்றி! வரும் செவ்வாய் காலை 11 மணிக்கு, அமீரக நேரப்படி, காணொளி நேர்காணலுக்கு வர இயலுமா?"

இங்கே கவனிக்க வேண்டியது அந்த ஒரே ஓர் ஆச்சரியக்குறி. அவரே கதவைக் கொஞ்சம் திறந்திருக்கிறார். இப்போது நாமும் ஒன்று போடலாம். இதற்கு நாம் சொல்லும் கணக்கு எளியது. தொனியைத் தளர்த்தும் முதல் உரிமை வேலை தருபவருக்கு. அவர் எந்தப் படியில் நிற்கிறாரோ, அதற்கு ஒரு படி கீழே நாம் நிற்க வேண்டும். அவர் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் நாம் ஒன்று போடலாம், இரண்டு வேண்டாம். அவர் சிரிப்பு முகம் போட்டால் நாம் அன்பான ஒரு வாக்கியத்தால் பதில் சொல்லலாம். அவர் இரண்டாவது, மூன்றாவது மடலிலும் அதைத் தொடர்ந்தால் நாமும் ஒன்றைச் சேர்ப்பதில் தவறில்லை. அவர் எதுவும் போடாவிட்டால் நாமும் போடக்கூடாது.

ஆச்சரியக்குறி எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிடவும் கூடாது. ஆங்கில மின்னஞ்சலில் "நன்றி" என்ற சொல்லுக்குப் பின் வரும் ஒற்றைக் குறி, கூச்சலையோ வியப்பையோ காட்டுவதில்லை. அது நட்பின் அடையாளம். 2006-ல் வெளியான ஓர் ஆய்வு, நூலகர்களின் மின்னஞ்சல் குழுக்களில் வந்த மடல்களை எடுத்துப் பார்த்தது. பெண்கள் ஆண்களைவிட அதிகமாக ஆச்சரியக்குறி போட்டிருந்தார்கள். ஆனால் அது படபடப்பைக் காட்டவில்லை. பெரும்பாலும் நட்பாகப் பேசவே பயன்பட்டிருந்தது. வேலைக்கு எழுதும் நம் பெண் பிள்ளைகளுக்கு இதை ஏன் சொல்கிறோம் என்றால், ஒரு குறிகூட இல்லாமல் எழுதினால் கடுகடுப்பு என்றும், நிறையப் போட்டால் பக்குவமில்லை என்றும் அவர்கள் இரு பக்கமும் பேச்சு கேட்க நேர்கிறது. ஒரு மடலுக்கு ஒன்று, அதுவும் நன்றி சொல்லும் இடத்தில் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பழியிலிருந்தும் தப்பலாம். உண்மையான தகவல் இருக்கும் வாக்கியத்தில், அதாவது தேதி, நேரம், தொகை வரும் வாக்கியத்தில், முற்றுப்புள்ளியே இருக்கட்டும்.

அந்த இளைஞரின் முதல் யோசனை, "ஷ்யூர்!!! 👍👍" என்று அனுப்பிவிடுவது. கடைசியில் அனுப்பியது இது: "அழைப்புக்கு நன்றி! செவ்வாய்க்கிழமை அமீரக நேரம் காலை 11 மணிக்கு, இந்திய நேரம் 12.30-க்கு, நேர்காணலுக்கு வருவதை உறுதி செய்கிறேன்." இரண்டு நாட்டு நேரத்தையும் எழுதியது, பத்து சிரிப்பு முகம் தரும் நல்லெண்ணத்தைவிடப் பெரிய நல்லெண்ணத்தைத் தந்திருக்கும்.

இந்த இடத்தில் நம் சமூகத்துக்கே உரிய இரண்டு கேள்விகள் வரும். முதலாவது ஸலாம். வளைகுடா நிறுவனம்தானே, ஸலாத்தோடு தொடங்கலாமே என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மடலைத் திறப்பவர் கேரளத்துக் கிறிஸ்தவராகவோ, பிலிப்பைன்ஸ் நாட்டவராகவோ, எகிப்து முஸ்லிமாகவோ இருக்கலாம். யாரென்று தெரியாதவரை "அன்புள்ள" என்று பெயரிட்டு விளிப்பதே பொருத்தம். அவர் ஸலாத்தோடு எழுதினால், ஒரு படி கீழே என்ற நம் கணக்கு அங்கே செல்லாது. ஸலாத்துக்குச் சமமாகவோ அதைவிடச் சிறப்பாகவோ பதில் சொல்வதுதானே நம் வழக்கம்.

இரண்டாவது, இன்ஷா அல்லாஹ். நாம் அதை உறுதியோடு சொல்கிறோம். ஆனால் அதன் பொருள் அறியாத சிலரின் காதில் அது "பார்க்கலாம்" என்று விழுகிறது. ஆகவே நேரத்தை உறுதி செய்யும் வாக்கியத்தை முழுதாக, தெளிவாக எழுதிவிட வேண்டும். "வர முயல்கிறேன், இன்ஷா அல்லாஹ்" என்று எழுதுவதற்கும், "11 மணிக்கு வருவதை உறுதி செய்கிறேன்" என்று எழுதி அதோடு இன்ஷா அல்லாஹ் சேர்ப்பதற்கும் வேறுபாடு பெரிது. குழப்பம் தருவது அந்த "முயல்கிறேன்" என்ற சொல்தான்.

சேவல் கூவிய கதை

நேர்காணல் நடந்தது வீட்டு மாடியில். நிதிப் பிரிவு மேலாளர் வரிக்கணக்கு பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சேவல் மூன்று முறை கூவியது. மேலாளர் சிரித்துவிட்டு, "இவரும் விண்ணப்பித்திருக்கிறாரா?" என்று கேட்டாராம். இறுக்கம் அங்கேயே தளர்ந்தது.

மாலையில் நன்றி மடல் எழுதும்போது, சேவலைப் பற்றி எழுதலாமா கூடாதா என்று நம்மைக் கேட்டார். எழுதலாம் என்றோம். மடல் இப்படி அமைந்தது. முதல் இரண்டு வாக்கியங்கள் நேர்காணலுக்கு நன்றி சொல்லி, மேலாளர் கேட்ட ஒரு கேள்விக்கு முழு பதில் தந்தன. மாதக் கடைசியில் வங்கிக் கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் முறையை நேர்காணலில் அரைகுறையாகச் சொல்லியிருந்தார். அதை மடலில் முடித்துவைத்தார். கடைசி வாக்கியம்: "குறுக்கிட்ட சேவலுக்காக வருந்துகிறேன், அதற்குக் கணக்கில் அனுபவம் இல்லை." அவ்வளவுதான். இமோஜி இல்லை.

இந்தச் சிரிப்பு ஏன் சரியாக விழுந்தது? நகைச்சுவையைத் தொடங்கியவர் மேலாளர். அது இருவரும் சேர்ந்து பார்த்த சம்பவம். கேலி யாரையும் குத்தவில்லை. குத்தினால் எழுதியவரின் வீட்டுச் சூழலையே குத்துகிறது. அந்த வாக்கியத்தை வெட்டி எடுத்தாலும் மடலின் விஷயம் ஒரு துளிகூடக் குறையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நூறு விண்ணப்பதாரர்களில் "அந்தச் சேவல் பையன்" என்று ஒரு முகம் நினைவில் நிற்கிறது.

இதே இளைஞர் தொடக்கத்தில் எழுதிவைத்திருந்த வேறொரு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். "பழைய அலுவலகத்தில் முதலாளி எங்களைப் பிழிந்து எடுத்தார், உங்களிடம் அப்படி இருக்காது என நம்புகிறேன்!" என்று விளையாட்டாகப் போட்டிருந்தார். நேரில், புன்னகையோடு சொன்னால்கூட அது ஆபத்து. எழுத்தில் புன்னகையே கிடையாது. படிப்பவர், "நாளை நம்மைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவார்" என்று நினைப்பார். அதை எடுக்கச் சொன்னோம்.

நம் கிண்டல் எல்லோருக்கும் புரியும் என்ற நம்பிக்கையே இங்கே பெரிய எதிரி. 2005-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை உண்மையாகவும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, எது எது என்று பெறுபவர் கண்டுபிடிக்கிறாரா என்று பார்த்தார்கள். அனுப்பியவர்கள் நூற்றுக்கு 78 முறை சரியாகப் புரியும் என்று எதிர்பார்த்தார்கள். உண்மையில் புரிந்தது 56 முறைதான். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே ஏறத்தாழ 50 வரும். எழுதும்போது நம் காதில் நம் குரல் ஒலிக்கிறது. படிப்பவர் காதில் அது ஒலிப்பதில்லை என்பதே காரணம். கணினியில் :-) என்ற குறி பிறந்ததும் இந்தச் சிக்கலால்தான். 1982 செப்டம்பரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிஞர், வேடிக்கையாக எழுதியதை மற்றவர்கள் உண்மை என்று எடுத்துக்கொள்வதைத் தவிர்க்க அந்தக் குறியைப் போடலாம் என்று முன்மொழிந்தார். ஆக, ஒரு வாக்கியத்துக்குப் பின் சிரிப்பு முகம் கட்டாயம் தேவை என்று நமக்குத் தோன்றினால், அந்த வாக்கியம் தானாக நிற்கவில்லை என்று பொருள். வேலைக்கான மடலில் முகத்தைச் சேர்ப்பதைவிட வாக்கியத்தை மாற்றுவதே நல்லது.

மடல் ஒருவரோடு நின்றுவிடுவதும் இல்லை. மேலாளர் அதை மனிதவளத் துறைக்கு அனுப்புவார், அங்கிருந்து விசா வேலை பார்ப்பவருக்குப் போகும். சேவல் கூவியபோது அங்கே இல்லாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்கும் புண்படாத, அவர்கள் முன்னாலும் வெட்கப்பட வேண்டாத சிரிப்பாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயத்தை மறைக்கும் சிரிப்பு

நேர்காணல் முடிந்து பத்து நாளாகியும் தகவல் இல்லை. வீட்டில் உம்மா தினமும் கேட்கிறார். இளைஞர் தட்டச்சு செய்தது: "ஏதும் நல்ல செய்தி உண்டா??? 😅"

வியர்வையோடு சிரிக்கும் அந்த முகத்தைப் பலர் இதற்குத்தான் பயன்படுத்துகிறோம். கேட்கக் கூச்சமாக இருக்கிறது, கேட்காமலும் இருக்க முடியவில்லை. அதனால் சிரித்து மழுப்புகிறோம். படிப்பவருக்கோ, கேள்வி உண்மையா விளையாட்டா என்பதே தெளிவில்லை. பதில் சொல்லாமல் கடந்துபோக அது வசதியாகிவிடும். மாற்றி எழுதியது: "கடந்த 10 நாட்களுக்கு முன் நடந்த நேர்காணல் தொடர்பாக எழுதுகிறேன். முடிவு எப்போது தெரியும் என்று சொன்னால், என் தற்போதைய அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க உதவியாக இருக்கும்." கூச்சம் போய்விட்டது; காரணம் வந்துவிட்டது. மறுநாளே பதில் கிடைத்தது.

அடுத்து வந்தது பணி நியமனக் கடிதம். நேர்காணலில் மாதம் 4,500 திர்ஹம் என்று பேசியிருந்தார்கள். கடிதத்தில் 4,000 என்றிருந்தது. தங்குமிடம் நிறுவனம் தருமா என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. "கொஞ்சம் கூட எதிர்பார்த்தேன் 😅" என்று எழுதப்போனவரைத் தடுத்தோம். தொகை பேசும் இடத்தில் அந்த முகம், "தராவிட்டாலும் பரவாயில்லை" என்று நாமே எழுதிக் கொடுப்பதற்குச் சமம். அவர் அனுப்பியது: "நியமனக் கடிதத்திற்கு நன்றி. நேர்காணலில் மாதச் சம்பளம் 4,500 திர்ஹம் என்று பேசப்பட்டது. கடிதத்தில் 4,000 என்றுள்ளது. எது சரி என்பதையும், தங்குமிடம் சம்பளத்தில் அடங்குமா என்பதையும் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்." குற்றச்சாட்டும் இல்லை; கெஞ்சலும் இல்லை.

சம்பளம், தேதி, நம் பக்கத்துத் தவறு, மறுப்பு ஆகிய நான்கிலும் இலகுவான தொனி வேண்டாம் என்பது நம் கருத்து. நாம் தவறு செய்து அதற்கு மன்னிப்புக் கேட்கும் மடலில் சிரிப்பு முகம் வந்தால், தவறைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றே படிப்பவர் நினைப்பார். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லும் மடலிலும் அப்படித்தான்.

👍 போட்டால் போதுமா?

நியமனக் கடிதம் வந்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தை அழுத்திவிடும் பழக்கம் இப்போது பரவுகிறது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், ஆளி விதை வாங்கும் ஒரு நிறுவனம் 2021-ல் ஒரு விவசாயிக்கு ஒப்பந்தத்தின் படத்தைக் கைபேசியில் அனுப்பி, உறுதி செய்யும்படி கேட்டது. அவர் 👍 மட்டும் அனுப்பினார். பின்னர் விதையைக் கொடுக்கவில்லை. ஒப்பந்தம் கிடைத்தது என்று சொல்லத்தான் அதை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டதாக அல்ல என்று வாதிட்டார். 2023-ல் நீதிமன்றம் அதைக் கையொப்பத்துக்குச் சமமாக எடுத்துக்கொண்டு, 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. அந்த இருவருக்கும் இடையே முன்பும் இதுபோல் குறுஞ்செய்தியிலேயே ஒப்பந்தங்கள் முடிந்திருந்ததும் தீர்ப்புக்கு ஒரு காரணம். எல்லா நாட்டிலும் இதே தீர்ப்பு வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் "பார்த்துவிட்டேன்" என்பதும் "ஏற்றுக்கொண்டேன்" என்பதும் அந்த விரலில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன என்பதை இது காட்டுகிறது. நம் இளைஞர் 4,000 திர்ஹம் கடிதத்துக்கு விரலை உயர்த்தியிருந்தால், பிறகு 4,500 பற்றிப் பேசுவது எவ்வளவு கடினமாகியிருக்கும்! பெற்றுக்கொண்டதைச் சொல்வதானால், "கடிதம் கிடைத்தது, படித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்" என்று சொற்களிலேயே எழுதிவிடலாம்.

ஜிமெயிலில் மடலுக்கு இமோஜியால் எதிர்வினை காட்டும் பொத்தானையும் இங்கே சொல்லிவிடுகிறோம். பெறுபவர் வேறு மென்பொருள் பயன்படுத்தினால், அந்த இமோஜி ஒரு தனி மடலாகவே அவருக்குப் போய்ச் சேரும். வேலை சம்பந்தப்பட்ட மடலில் அதைத் தொடாமல் விடுவது நல்லது.

வேலையில் சேர்ந்த பிறகு

சேர்ந்த பின் நிலைமை மாறுகிறது. தினமும் பேசிப் பழகியவர்களுக்கு நம் குரல் தெரியும். அவர்கள் நம் மடலை நம் குரலிலேயே படிப்பார்கள். அங்கே வெறும் "சரி" என்று எழுதினால் கோபமா என்று கேட்பவர்கள் உண்டு. சக ஊழியருக்கு ஒரு சிரிப்பு முகம், குழுவுக்கு ஒரு "நன்றி!" இவையெல்லாம் உறவை லேசாக்கும். விளம்பரம், வடிவமைப்பு, சமூக ஊடகம் போன்ற துறைகளில் வேலை விளம்பரமே இமோஜியோடு வருவதுண்டு. அங்கே விண்ணப்பத்திலேயே கொஞ்சம் தளர்வு பொருந்தும். ஆனால் அங்கும் படி பார்த்து இறங்கும் கணக்கு மாறுவதில்லை.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மடலிலுள்ள இமோஜிகளையும் ஆச்சரியக்குறிகளையும் எடுத்துவிட்டு, வீட்டில் ஒருவரிடம் கொடுத்து உணர்ச்சியே இல்லாத குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். அப்படி வாசிக்கும்போதும் மரியாதை தெரிந்தால் மடல் தயார். எங்காவது முரட்டுத்தனமாக ஒலித்தால், அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள். அதன் பிறகு, அவர் கதவைத் திறந்திருந்தால் மட்டும், ஒரு குறியைத் திரும்பச் சேர்க்கலாம்.

அந்த இளைஞரின் நியமனக் கடிதம் 4,500 திர்ஹம் என்று திருத்தப்பட்டு, தங்குமிடம் தனி என்ற வரியும் சேர்ந்து வந்தது. இப்போது ஷார்ஜாவில் இருக்கிறார். சேர்ந்த முதல் வாரம் அந்த மேலாளர் அவருக்கு ஒரு வரி மடல் அனுப்பினாராம்: "உங்கள் நண்பர் நலமா? 🐓" இவர் என்ன பதில் எழுதினார் என்று கேட்டோம். "நலம், காலை 5 மணிக்கே வேலைக்கு வந்துவிடுகிறார்" என்று எழுதினாராம். இமோஜி போடவில்லை என்றார்.